முங்கிய — இடத்தில்: ஒரு வரிக்குள் எங்கே நிறுத்துவது?

ஒரே ஒரு வரியை வைத்துக்கொண்டு மூன்று வாரம் அல்லாடினேன். வரி இதுதான்:

முங்கிய இடத்தில் தண்ணீர் மட்டும் அசைகிறது

பாம்பன் சின்னப்பாலம் கிராமத்தில் கடல்பாசி எடுக்கும் என் அத்தையைப் பற்றி எழுதிய ஆறு வரிக் கவிதையில் இது மூன்றாவது வரி. சேலைக்கு மேல் ஒரு ஆம்பளைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணிச் சுற்று. அத்தையின் தளவாடம் அவ்வளவுதான். காற்றுக் குழாய் எதுவும் கிடையாது. ஒரே மூச்சில் முங்கி, கைக்கு அகப்பட்டதைப் பறித்து, வலைப்பையில் திணித்துக்கொண்டு மேலே வரவேண்டும். சின்ன வயதில் லீவு நாட்களில் நானும் படகில் தொற்றிக்கொண்டு போவேன். அவள் முங்கியதும் எண்ண ஆரம்பிப்பேன். அந்த எண்ணிக்கைதான் கவிதை.

வரியில் ஐந்து சொற்கள், அவற்றுக்கு நடுவே நான்கு இடைவெளிகள். குரல் எங்கே நிற்கவேண்டும்? தங்கச்சிமடத்தில் மாதம் ஒருமுறை நாங்கள் ஐந்தாறு பேர் ஒரு டீக்கடை மாடியில் கூடி எழுதியதை வாசிப்போம். அங்கே இதை வாசித்ததும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எங்களில் மூத்த அண்ணன் ஒருவர் நிறுத்தமே வேண்டாம் என்றார். ஒருவர் நடுவில் நிறுத்து என்றார், இன்னொருவர் வினைக்கு முன்னால் நிறுத்தினால்தான் அடி விழும் என்றார். எனக்கோ முதல் சொல்லிலேயே நின்றுவிடத் தோன்றியது. நான்கையும் எழுதிப் பார்த்து, வாசித்துப் பார்த்து, போனில் பதிவு செய்து கேட்டும் பார்த்தேன். எதை வைத்துக்கொண்டேன், மற்றதை ஏன் விட்டேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

அத்தையிடம் முதலில் கேட்டது கவிதையைப் பற்றி அல்ல, மூச்சைப் பற்றி. "முங்கும்போது நடுவில் மூச்சு எப்படித்தான் தாங்குது அத்தை?" என்றேன். "மூச்சு எடுக்கிறது எல்லாம் முங்குறதுக்கு முன்னாடி, மருமகனே. உள்ளே போனா ஏது மூச்சு? அங்க தம்தான்" என்றாள்.

மூச்சு வேறு, தம் வேறு. வரிக்குள் வரும் நிறுத்தத்தையும் இப்படி இரண்டாகப் பிரிக்கலாம் என்று அப்போதுதான் உறைத்தது. ஒன்று, வாசகர் மூச்சு வாங்கிக்கொள்ளும் நிறுத்தம். மற்றது, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் நிறுத்தம். இரண்டிலும் குரல் ஒரே அளவு நேரம் நிற்கலாம். காகிதத்தில் இரண்டுக்கும் ஒரே கோட்டைப் போடலாம். ஆனால் உடம்புக்குள் நடப்பது நேர் எதிர். முதலாவதில் தோள் இறங்குகிறது, இரண்டாவதில் தோள் தூக்கியபடியே நிற்கிறது.

எந்த நிறுத்தம் எந்த வகை என்பதைத் தீர்மானிப்பது கோடும் அல்ல, கமாவும் அல்ல. நிறுத்தத்துக்கு இடப்பக்கம் நிற்கும் சொல். அந்தச் சொல் முற்றாக இருந்தால் வாசகர் மூச்சு வாங்குவார். எச்சமாக இருந்தால் தம் கட்டுவார். "அத்தை முங்கினாள்" என்று நிறுத்தினால் விஷயம் முடிந்துவிட்டது, அடுத்தது வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. "அத்தை முங்கி" என்று நிறுத்தினால் ஒரு கடன் நிற்கிறது, யாராவது அடைக்கவேண்டும். "அத்தை முங்கிய" என்று நிறுத்தினால் கடன் இன்னும் பெரிது. வினையெச்சம் கேட்பது ஏதாவது ஒரு வினையை. பெயரெச்சம் கேட்பது ஒரு பெயரை, அதுவும் உடனே. செயப்படுபொருளில் நிறுத்துவதும் அப்படித்தான். "அப்பா வலையை" என்று சொல்லிவிட்டு நின்றால், விற்றாரா, கிழித்தாரா, விரித்தாரா என்று எதிரே இருப்பவர் முகம் கேட்கும். வினையைக் கடைசியில் வைக்கும் மொழி என்பதால் தமிழில் ஒரு வாக்கியத்தின் பெரும்பகுதி கடனிலேயே ஓடுகிறது. தம் கட்டும் நிறுத்தத்துக்கு இடம் தேடி அலையவே வேண்டாம். மூச்சு வாங்கும் நிறுத்தத்துக்குத்தான் மெனக்கெடவேண்டும், வரிக்குள்ளேயே ஒரு முற்றைக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

இதைப் பிடித்துக்கொண்டு நான்கு வழிகளையும் பார்க்கலாம்.

முதல் வழி, நிறுத்தமே இல்லாமல் விடுவது. ஒரு வரியை ஒரே மூச்சில் சொல்ல முடியுமா என்று பார்க்க எனக்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு: மாத்திரை. குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, ஒற்றுக்கு ½. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று இலக்கணம் சொல்லும் அதே மாத்திரைதான். "முங்கிய" என்பதில் மு 1, ங் ½, கி 1, ய 1, ஆக 3½. இப்படியே எண்ணிக்கொண்டு போனால் முழு வரி 19 மாத்திரை வருகிறது ("அசைகிறது" என்பதில் நடுவே வரும் சை குறுகி 1 ஆகும், கடைசியில் வரும் து குற்றியலுகரம், ½தான்). யாருக்கும் மூச்சு முட்டாத நீளம். பேச்சில் நாம் மாத்திரை பார்த்து உச்சரிப்பதில்லை என்பதால் இது தோராயம்தான். ஆனாலும் நிறுத்தத்துக்கு இந்தப் பக்கம் எவ்வளவு எடை, அந்தப் பக்கம் எவ்வளவு எடை என்று ஒப்பிட இதைவிடக் கைக்கு அடக்கமான கருவி எனக்குத் தெரியாது.

நிறுத்தம் வேண்டாம் என்ற அண்ணனின் வாதம் லேசானது அல்ல. "மேல் வரி 'முங்கினாள்' என்று புள்ளி வைத்து முடியுது. கீழ் வரியில் நீ எண்ணிக்கிட்டே இருக்கே, அங்க எண்ணுக்கு ஒரு புள்ளி. ரெண்டுக்கும் நடுவுல தண்ணி மாதிரி ஒரு வரி சும்மா கிடக்கட்டுமே" என்றார். உண்மைதான். நிறுத்தங்கள் நெருக்கி வரும் இடத்தில் நிறுத்தம் இல்லாத வரியே நிறுத்தத்தின் வேலையைச் செய்யும். இதைத்தான் வைத்துக்கொள்வதாக இருந்தேன். ஆனால் பதிவைக் கேட்டபோது அந்த வரி காதில் விழுந்ததே தவிர நிற்கவில்லை. தகவல் மாதிரி கடந்து போய்விட்டது. அண்ணன் வாசித்தால் நிற்கும், அவர் குரல் அப்படி. காகிதத்தில் குரல் வராது.

இரண்டாம் வழி நடுவில் நிறுத்துவது:

முங்கிய இடத்தில் — தண்ணீர் மட்டும் அசைகிறது

இடப்பக்கம் 7½ மாத்திரை, வலப்பக்கம் 11½. சரிபாதி இல்லை, ஆனால் காதுக்கு நடுப்போலத்தான் இருக்கிறது. இலக்கணமும் இங்கே இடம் கொடுக்கிறது: இடத்தைச் சொல்லியாயிற்று, இனி அங்கே என்ன என்று சொல்லவேண்டும். கடன் இருக்கிறது, ஆனால் சின்னக் கடன். 'இடத்தில்' என்று முடிந்த பிறகு எந்த வாக்கியமும் வரலாம் என்பதால் வாசகர் குறிப்பாக எதையும் எதிர்பார்ப்பதில்லை.

நம் காது இந்த நடு நிறுத்தத்துக்குப் பல நூற்றாண்டுகளாகப் பழகியது. நான்கு சீர் கொண்ட அளவடியில் முதல் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் மோனை அமைந்தால் அது பொழிப்பு மோனை. இரண்டு சீர் போனதும் முதல் எழுத்து மறுபடி ஒலிக்கும்போது, எந்தக் குறியும் இல்லாமலே வரி இரண்டாக மடிகிறது. என் வரியை அப்படியும் மாற்றிப் பார்த்தேன்:

முங்கிய இடத்தில் மூடிய தண்ணீர்

மு, மூ இரண்டும் மோனைக்கு ஒத்துவரும். வாசித்தால் தானாகவே நடுவில் நிற்கிறது. அழகாகவும் இருக்கிறது, அதுதான் பிரச்சினை. காது எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்த ஒலி வந்துவிட்டால் பதற்றத்துக்கு வேலை இல்லை. முங்கியவள் வருவாளா என்று தெரியாத இடத்தில் வரி தாலாட்டு மாதிரி ஆடுகிறது. பழைய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்கு நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் கை போல உயர்ந்து வந்தது. பார்க்கப் பார்க்க அலுத்ததில்லை, ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்று பார்ப்பவர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நடு நிறுத்தத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. மூச்சை விடவேண்டிய இடத்துக்கு அதுதான் சரி. இந்த வரி மூச்சை விடவேண்டிய இடம் அல்ல.

மூன்றாவது, கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்துவது:

முங்கிய இடத்தில் தண்ணீர் மட்டும் — அசைகிறது

14½ மாத்திரையைத் தூக்கிக்கொண்டு போய், மீதி 4½ மாத்திரைக்கு முன்னால் நிற்கிறோம். இன்று எழுதுபவர்களுக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன். இதற்கும் ஒரு பாட்டன் உண்டு, வெண்பாவின் தனிச்சொல். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சொன்ன 'வாக்குண்டாம்' பாட்டின் இரண்டாம் அடியைப் பாருங்கள்:

நோக்குண்டாம் மேனி நுடங்காது - பூக்கொண்டு

புத்தகத்தில் அந்தச் சிறு கோடு அச்சாகியே இருக்கும். ஆனால் இந்த நிறுத்தத்தில் வாசகர் தம் கட்டுவதில்லை. 'நுடங்காது' முற்று, அங்கே மூச்சு வாங்கிவிடலாம். வாங்கிய உடனே 'பூக்கொண்டு' என்ற வினையெச்சம் தனியாக வந்து அடியின் முனையில் தொங்குகிறது. தம் அங்கேதான் பிடிபடுகிறது, அடுத்த இரண்டு அடி போய் 'சார்வார்' வரும்வரை விடுவதில்லை. ஒரே சொல்லின் இடப்பக்கம் மூச்சு, வலப்பக்கம் தம். இவ்வளவு சிக்கனமான வேலையைப் புதுக்கவிதையில் நான் அதிகம் பார்த்ததில்லை.

(அதே பாட்டின் மூன்றாம் அடியில் 'தும்பிக்கை யான்பாதம்' என்று சீர் பிரியும். சொல் 'தும்பிக்கையான்', சீருக்காக வெட்டியிருக்கிறது, வகையுளி. அங்கே யாரும் குரலை நிறுத்துவதில்லை. சீர் முடிகிற இடம் வேறு, குரல் நிற்கிற இடம் வேறு. மரபு தெரிந்தவர்கள் புதுக்கவிதை எழுதவரும்போது முதலில் தடுக்குவது இந்தக் கல்லில்தான்.)

வினைக்கு முன் நிறுத்துவதன் பலம் எங்கே என்றால், வரப்போகும் வினை புதிய செய்தியாக இருக்கும் இடத்தில். எங்கள் குழுவில் ஒருவர் 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடிக்குப் போன ரயிலைப் பற்றி எழுதியிருந்தார்:

தனுஷ்கோடிக்குச் சீட்டு வாங்கியவர்கள் தனுஷ்கோடியில் — இறங்கவில்லை

இதில் அந்த நிறுத்தம் இரட்டை வேலை செய்கிறது. தமிழில் மறுப்பு வினையின் வாலில் ஒளிந்திருக்கும். நிறுத்தம் முடிந்து 'இறங்க' என்று கேட்கும்போதுகூட அவர்கள் இறங்கிவிட்டதாகத்தான் தோன்றும். 'வில்லை' வந்த பிறகுதான் வரி கவிழ்கிறது. வெளியூர் வாசகருக்கு இது திகைப்பு. எங்கள் மாடியில் வாசித்தபோது யாரும் திகைக்கவில்லை, இந்தக் கரையில் அந்த ரயில் கடலோடு போன கதை தெரியாதவர் உண்டா? எங்களுக்கு அந்த இடைவெளி அஞ்சலிக்கு எழுந்து நிற்கிற மாதிரி இருந்தது. அதுவும் ஒரு பயன்தான், ஆனால் எழுதியவர் நினைத்த பயன் வேறு. முடிவு தெரிந்த வாசகரிடம் இந்த இடத்தில் தம் கட்டவைக்க முடியாது.

என் வரிக்கு வருவோம். 'அசைகிறது' என்ற வினையில் என்ன செய்தி இருக்கிறது? தண்ணீர் என்றால் அசையும். 14½ மாத்திரை காத்திருந்த வாசகருக்கு நான் கொடுப்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்று. கேட்டுப் பார்த்தபோது அந்த நிறுத்தம் மேடைப் பேச்சாளர் கைதட்டலுக்காக நிற்கிற மாதிரி இருந்தது. இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: கடைசிச் சொல்லைக் கையால் மறைத்துவிட்டு வரியை ஒருவரிடம் காட்டுங்கள். அவர் அந்தச் சொல்லையோ அதற்கு நெருங்கிய ஒன்றையோ சொல்லிவிட்டால் அங்கே நிறுத்தம் வீண். நான் காட்டிய மூன்று பேரில் இரண்டு பேர் 'தெரிகிறது', 'ஆடுகிறது' என்றார்கள். சரி, விட்டுவிட்டேன்.

நான்காவது வழி:

முங்கிய — இடத்தில் தண்ணீர் மட்டும் அசைகிறது

3½ மாத்திரையிலேயே நின்றுவிடுகிறோம், 15½ மாத்திரை பின்னால் கிடக்கிறது. அடுத்த அடிக்கு ஒரு காலைத் தூக்கி அப்படியே நின்ற மாதிரி. 'முங்கிய' பெயரெச்சம், உடனே ஒரு பெயர் வேண்டும். என்ன பெயர் வரும்? மேல் வரியில் அத்தை முங்கியிருக்கிறாள், அதனால் வாசகர் மனதில் 'முங்கிய அத்தை', 'முங்கியவள்' என்று ஓர் ஆள் தயாராக நிற்கிறாள். வருவதோ 'இடத்தில்'. ஆளை எதிர்பார்த்த இடத்தில் வெறும் இடம். அவள் அங்கே இல்லை என்பதை வரி சொல்லவில்லை, அந்த நிறுத்தமும் அதற்குப் பின் வரும் பெயரும் சேர்ந்து செய்துகாட்டுகின்றன. வரிக்கு முன்னால் இருந்த மூச்சையே வைத்துக்கொண்டு வாசகர் மீதி நான்கு சொற்களையும் கடக்கிறார். அத்தை சொன்ன தம் இதுதான்.

நிறுத்தத்துக்குப் பின்னால் வரும் பெயர் எதிர்பார்த்ததாக இருந்தால் இந்த வழி பல்லிளிக்கும். 'முங்கிய — அத்தையின் சேலை' என்று எழுதிப் பார்த்தேன். நிறுத்தம் திக்குவாய் மாதிரி இருந்தது. இன்னொரு ஆபத்தும் உண்டு. பெயரெச்சத்தில் நிறுத்துவது இலக்கணத்தின் இறுக்கமான முடிச்சை இழுப்பது. கவிதையில் ஒருமுறை செய்தால் முடிச்சு தெரியும், மூன்று முறை செய்தால் எழுதியவருக்கு வாக்கியம் அமைக்கத் தெரியவில்லை என்றுதான் தோன்றும்.

எங்கெல்லாம் நிறுத்தவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு இடைவெளிகளில் மூன்றைத்தான் ஒப்பிட்டேன். நான்காவது, 'தண்ணீர்' என்பதற்கும் 'மட்டும்' என்பதற்கும் நடுவில் இருப்பது. எழுதும்போது தனியாக நின்றாலும் 'மட்டும்' இடப்பக்கச் சொல்லின் மேல் சாய்ந்துதான் நிற்கும். பிரித்தால் விழுந்துவிடும். 'கூட', 'தான்' எல்லாம் இதே இனம். துணைவினையில் இதைவிட மோசம், பொருளே மாறிவிடும். 'அத்தை எழுந்து விட்டாள்' என்பதை 'அத்தை எழுந்து — விட்டாள்' என்று எழுதினால், எழுந்தாள், பிறகு எதையோ கைவிட்டாள் என்று ஆகிறது. வேண்டுமென்றே அந்த இரண்டாம் பொருளைத் தேடுகிறவர் செய்யலாம். தெரியாமல் செய்கிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

அப்புறம் சந்தி. நிறுத்தத்தைப் பற்றி யோசிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் குறை. இதே கவிதையின் பழைய வரைவில் ஒரு வரி இருந்தது:

விரலில் துணியைச் சுற்றிக் கடலைப் பார்க்கிறாள்

மூன்று இடத்தில் ஒற்று மிகுந்திருக்கிறது. ஒற்று என்பது இரண்டு சொல்லைச் சேர்த்துத் தைக்கும் தையல். 'சுற்றிக்' என்று வாய் மூடும்போதே அடுத்த 'க'வுக்கு நாக்கு போய்விட்டது, அங்கே நிறுத்த முடியாது. நிறுத்தத்தான் வேண்டும் என்றால் தையலைப் பிரிக்கவேண்டும்:

விரலில் துணியைச் சுற்றி — கடலைப் பார்க்கிறாள்

பலர் கோட்டையும் போட்டுவிட்டு 'சுற்றிக் — கடலை' என்று ஒற்றையும் விட்டுவைக்கிறார்கள். நில் என்றும் போ என்றும் ஒரே நேரத்தில் சொல்வது போல அது. மாறாக, கோடே போடாமல் ஒற்றை மட்டும் எடுத்துவிட்டாலும் ஒரு நூலிழை நிறுத்தம் கிடைக்கும், ஆனால் பிழை என்று திருத்திவிடுவார்கள். திருக்குறளில் 'கற்க கசடறக் கற்பவை' என்ற தொடக்கத்தைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். 'கற்க' வியங்கோள் முற்று, அதன் பின் வல்லினம் மிகாது, அங்கே ஒரு சன்னமான இடைவெளி தானாகவே இருக்கிறது. 'கசடற' பொருளால் இடப்பக்கத்து 'கற்க'வோடு போகிறது, ஒலியால் வலப்பக்கத்து 'கற்பவை'யோடு தைக்கப்பட்டிருக்கிறது. நிறுத்தக்குறி எதுவும் இல்லாமல் வரி இரண்டு பக்கமும் இழுபடுகிறது. என் வரியில் நல்லவேளையாக ஒற்று மிகும் இடமே இல்லை, நான்கு இடைவெளியும் தையல் இல்லாதவை.

வரியை உடைத்து அடுத்த வரியில் போட்டால் போதாதா என்று கேட்கலாம். போட்டுப் பார்த்தேன். 'முங்கிய' தனி வரி, மீதி அடுத்த வரி. கண் கீழே இறங்கி மறுபடி இடது ஓரத்துக்கு வரும் அந்த நேரத்தில் எதிர்பார்ப்பு ஆறிவிடுகிறது. மேலும் இன்று சொல்லுக்கு ஒரு வரி என்று எழுதிப் பழகிவிட்டதால் வரி உடைவதை யாரும் நிறுத்தமாகவே எடுத்துக்கொள்வதில்லை. வரிக்குள் நிற்கும்போது மீதி வரி வலப்பக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே ஏதோ இருக்கிறது, இன்னும் போய்ச் சேரவில்லை என்ற நிலை. எனக்கு அதுதான் தேவைப்பட்டது.

கடைசியாக, எந்தக் குறி? கமா இங்கே செல்லாது. பெயரெச்சத்துக்குப் பின் கமா போட்டால் அச்சுப்பிழை என்றுதான் படும். மூன்று புள்ளிகள் எனக்கு ஆகாது. அதில் வரும் இழுவை சோகத்தை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது, தவிர ஒவ்வொரு காலை வணக்கச் செய்தியிலும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்தது வெற்று இடைவெளி, நான்கைந்து எழுத்து அகலத்துக்கு ஒன்றுமே இல்லாமல் விடுவது. தண்ணீர் மூடிய இடம் மாதிரியே இருக்கும். அச்சில் அது நிற்கும். வலைப்பக்கத்தில் போட்டால் எத்தனை தடவை தட்டினாலும் ஒரே இடைவெளியாகச் சுருங்கிவிடுகிறது. ` ` போட்டுச் சரிசெய்தாலும் போன் திரையின் அகலத்துக்கு நம் நீளச் சொற்கள் மடியும்போது, நிறுத்தம் வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ வரி உடைகிறது. கடைசியில் கோட்டுக்கே வந்தேன். கோடு கொஞ்சம் சத்தமான குறிதான், ஆனால் எந்தத் திரையிலும் காணாமல் போகாது.

கவிதை இப்போது இப்படி நிற்கிறது:

பாசி எடுக்கப் போன அத்தை
படகைப் பார்த்துக் கையசைத்து முங்கினாள்.
முங்கிய — இடத்தில் தண்ணீர் மட்டும் அசைகிறது.
நான் எண்ணத் தொடங்கினேன். பத்து. பதினொன்று.
படகுக்காரர் பீடியைப் பற்றவைத்தார்.
வலைப்பை முதலில், அப்புறம் தலை.

மூன்றாம் வரியில் பிடித்த தம் கடைசி வரியின் கமாவரை போகவேண்டும் என்பது கணக்கு. நான்காம் வரியின் புள்ளிகள் மூச்சு வாங்கும் இடம் போலத் தெரியும், ஆனால் வாங்கவிடாது, ஏனென்றால் எண்ணுக்கு முற்று கிடையாது, பதினொன்றுக்கு அடுத்து பன்னிரண்டு நிற்கிறது. ஐந்தாம் வரியில் நிறுத்தம் ஏதும் வைக்கவில்லை, பீடி பற்றவைக்கிறவருக்கு இது தினப்படி வேலை, அவருக்குப் பதற்றம் இல்லை. அண்ணன் சொன்ன 'சும்மா கிடக்கும் வரி' இங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. ஆறாம் வரியில் நடு நிறுத்தம், சரியாக நடுவில், இரண்டு சொல்லுக்கு இரண்டு சொல். வலைப்பை மேலே வந்தாலே பாதி உயிர் வந்துவிடும், கமாவில் மூச்சை விடலாம். 'முதலில்' முற்று இல்லையே என்று ஒருவர் மடக்கினார். முதலில் வலைப்பை என்றால் அடுத்து அவள்தான் என்று தெரிந்துவிடுகிறதே, இலக்கணக் கடன் இருந்தாலும் மனதில் கடன் தீர்ந்துவிட்டது என்றேன். அவர் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுத் திண்ணையில் இதை வாசித்துக் காட்டினேன். பாசியை வெயிலில் பரப்பிக்கொண்டே கேட்டாள். மூன்றாம் வரியில் 'முங்கிய' என்று சொல்லி நின்றேன். நான் 'இடத்தில்' என்பதற்குள் அவள் தலையைத் தூக்கி, "யாரு?" என்றாள்.